முடித்த லோனில் 590 ரூபாய் பாக்கி, ரிப்போர்ட்டில் Written-off: யாருக்கு, என்ன எழுதுவது?

தேன்கூடு | 2025 செப்டம்பர் 2, காலை 9:40

ஒரு என்பிஎஃப்சி-யில் வாங்கிய பெர்சனல் லோனை 2024 ஜூன் 3 அன்று முழுவதும் கட்டி முடித்தாயிற்று. அவர்களே கொடுத்த ஃபோர்க்ளோஷர் கணக்குப்படி, ஒரு பைசா குறையாமல், என்இஎஃப்டி-யில். ஜூன் 12 தேதியிட்ட என்ஓசி கையில் இருக்கிறது. "பாக்கி ஏதும் இல்லை" என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

இப்போது வீட்டுக்கடனுக்குப் போட்ட விண்ணப்பம் நிற்கிறது. சிபில் ரிப்போர்ட்டில் அந்த லோன் Written-off, தொகை 590 என்று வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் "590 கட்டிடுங்க மேடம், சரியாயிடும்" என்கிறார்கள். கட்டிவிடலாமா, சிபிலுக்கு எழுதுவதா, கம்பெனிக்கு எழுதுவதா?

சைக்கிள்காரன் | செப்டம்பர் 2, காலை 10:15

கம்பெனிக்கு எழுதுவது வீண் வேலை. ரிப்போர்ட் சிபிலுடையது, அவர்கள் தளத்திலேயே டிஸ்ப்யூட் போடுங்கள். 30 நாளில் திருத்தவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் போட்டால் நாளுக்கு 400.

பேரேடு | செப்டம்பர் 2, மதியம் 1:05

சைக்கிள்காரன் சொன்னதில் 30 நாளும் 100 ரூபாயும் உண்மை. மற்றது இல்லை. சிபில் தானாக ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. டிஸ்ப்யூட் வந்ததும் அதைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்பி "இது சரியா?" என்று கேட்கும். அங்கே இருப்பவர் கணினியைத் திறந்து பார்ப்பார். 590 பாக்கி நிற்கும். "சரிதான்" என்று பதில் போடுவார். டிஸ்ப்யூட் முடிந்தது, ரிப்போர்ட் அப்படியே இருக்கும். கடன் கணக்கில் இருக்கும் தப்பைத் திருத்தாமல் ரிப்போர்ட்டை மட்டும் திருத்தச் சொன்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

100 ரூபாய் நிறுவனத்துக்கு ஒன்று என்றும் இல்லை. தாமதத்துக்கு நாளுக்கு 100 மொத்தத் தொகை. தப்பு ஒருவருக்கு மேற்பட்டோருடையது என்றால் அவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

தேன்கூடு மேடம், முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். உங்கள் இஎம்ஐ தேதி என்ன? ஜூன் 2024 பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஏதாவது இஎம்ஐ பவுன்ஸ் ஆகியிருக்கிறதா? ரிப்போர்ட்டில் அந்த லோனுக்குக் கீழே மாதவாரியாக வரும் கட்டங்களில் என்ன எண்கள் இருக்கின்றன? 590 என்றால் 500-ம் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90-ம். பவுன்ஸ் கட்டணம் போலத்தான் தெரிகிறது.

வடக்குவீதி | செப்டம்பர் 2, மாலை 4:30

எனக்கும் இதே பிரச்சினை. 2021-ல் கிரெடிட் கார்டு பாக்கியில் பாதியைக் கட்டி பேசி முடித்தேன், லெட்டரும் கொடுத்தார்கள். இன்னும் Settled என்றே காட்டுகிறது. நானும் டிஸ்ப்யூட் போட்டு அதை Closed ஆக்கச் சொல்லலாமா?

பேரேடு | செப்டம்பர் 2, மாலை 5:10

வடக்குவீதி சார், உங்களுடையது தப்பான பதிவு கிடையாது. பாதி கட்டி முடித்தால் Settled என்றுதான் போட வேண்டும், அதுதான் நடந்தது. டிஸ்ப்யூட் போட்டால் நிராகரிப்பார்கள். விட்டுக்கொடுத்த மீதியைக் கட்ட வழி இருக்கிறதா, கட்டினால் நிலையை எப்படி மாற்றுவீர்கள் என்று பேங்கிடம் எழுத்தில் கேளுங்கள். அது வேறு கதை, இங்கே கலக்க வேண்டாம்.

தேன்கூடு | செப்டம்பர் 2, இரவு 8:55

இஎம்ஐ தேதி மாதம் 5. ஸ்டேட்மென்ட்டில் ஜூன் 5 அன்று இஎம்ஐ எடுக்க வந்து, பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. கணக்கில் இருந்ததை எல்லாம் 3-ம் தேதியே ஃபோர்க்ளோஷருக்கு அனுப்பிவிட்டதால் மீதி எதுவும் இல்லை. இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

கட்டங்கள்: 2024 ஜூன் 025, ஜூலை 056, ஆகஸ்ட் 087, செப்டம்பர் 117, இப்படியே ஏறி 2025 பிப்ரவரியில் 268. மார்ச்சில் Written-off. Date Closed காலியாக இருக்கிறது.

பேரேடு | செப்டம்பர் 2, இரவு 10:20

சரி, இப்போது முழுப் படமும் தெரிகிறது.

5-ம் தேதி இஎம்ஐ எடுக்கும் பட்டியல் பேங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்விடும். நீங்கள் 3-ம் தேதி கட்டியபோது உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியிருந்திருக்கும், யாரும் எடுக்கவில்லை. 5-ம் தேதி பவுன்ஸ். கணினி தானாகவே 590-ஐக் கடன் கணக்கில் ஏற்றியது. அசல் பூஜ்யம், வட்டி பூஜ்யம், கட்டணம் மட்டும் 590. கட்டணம் நிற்பதால் கணக்கு மூடவில்லை. என்ஓசி தயாராவது வேறு பிரிவில், அவர்கள் ஃபோர்க்ளோஷர் பணம் வந்ததைப் பார்த்து அச்சடித்து அனுப்பியிருப்பார்கள். ஒரு கை முடிந்தது என்கிறது, இன்னொரு கை பாக்கி என்கிறது.

உங்கள் எண்களைச் சரிபாருங்கள். ஜூன் 5-லிருந்து ஜூன் 30 வரை 25 நாள். ஜூலை 31 வரை 56. பிப்ரவரி 28 வரை 268. அதாவது தாமத நாள் எண்ணிக்கை தொடங்கிய இடம் அந்தப் பவுன்ஸ்தான். உங்கள் வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரிப்போர்ட்டே தன் தப்பு எங்கே தொடங்கியது என்று தேதியோடு சொல்கிறது.

வாதம் இப்படிப் போக வேண்டும்: ஜூன் 3-ல் கடன் தீர்ந்தது. தீர்ந்த கடனுக்கு ஜூன் 5-ல் தவணை ஏதும் கிடையாது. இல்லாத தவணையை எடுக்க வந்தது அவர்கள் பிழை. பிழையால் வந்த பவுன்ஸுக்குக் கட்டணம் கேட்க முடியாது. கட்டணமே இல்லை என்றால் தாமத நாளும் இல்லை, Written-off-ம் இல்லை. "நான் ஒழுங்காகக் கட்டுபவர், என் ஸ்கோர் கெட்டுவிட்டது" என்று எழுதினால் யாருக்கும் எதையும் திருத்த வேண்டிய கட்டாயம் வராது. இந்தச் சங்கிலியை எழுதினால் ஒவ்வொரு கண்ணிக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கிளைமேசை | செப்டம்பர் 3, காலை 11:00

வீட்டுக்கடன் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். வாதம் எல்லாம் சரி, ஆனால் மேடத்துக்கு அவசரம் இருந்தால் 590-ஐக் கட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம். வீடு விற்பவர் காத்திருக்க மாட்டார். பாக்கி 0 என்று வந்தாலே சில பேங்குகள் என்ஓசி-யையும் விளக்கக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு மேலே அனுப்புகிறார்கள்.

பேரேடு | செப்டம்பர் 3, மதியம் 12:25

அவசரம் புரிகிறது. ஆனால் கட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு கட்டட்டும். பாக்கி 0 ஆகும். கட்டங்களில் 025 முதல் 268 வரை அப்படியே நிற்கும். நிலை, ரைட்-ஆஃப் ஆனபின் முடிக்கப்பட்டது என்று மாறலாம். அதாவது "பல மாதம் கட்டாமல் இருந்து கடைசியில் கட்டினார்" என்ற பொய் நிரந்தரமாகிவிடும். கட்டணத்தை ஒப்புக்கொண்டு கட்டியதாகவும் அவர்கள் சொல்லலாம்.

கட்டியே ஆக வேண்டும் என்றால் கட்டுவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல்: "கட்டணத்தை மறுக்கிறேன், என் வீட்டுக்கடன் தாமதமாகாமல் இருக்க மறுப்புடன் செலுத்துகிறேன், திருப்பித் தரவும் பதிவைத் திருத்தவும் கோருகிறேன்." கஸ்டமர் கேரில் "300 கட்டுங்க, முடிச்சிடலாம்" என்று சலுகை வந்தால் தொடவே கூடாது. 290 ரூபாய் தள்ளுபடிக்கு ரிப்போர்ட்டில் Settled என்று விழும். அப்புறம் வடக்குவீதி சாரின் நிலைமைதான்.

கிளைமேசை | செப்டம்பர் 3, மதியம் 12:50

மறுப்புடன் கட்டுவது என்பதை நான் யோசிக்கவில்லை. அது சரியான வழி. ஆனாலும் கட்டுவதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. கட்டங்களில் உள்ள பழைய எண்களைவிட இன்றைக்கு நிற்கிற Written-off-தான் கோப்பை மேசையிலேயே நிறுத்துகிறது.

தேன்கூடு | செப்டம்பர் 3, இரவு 9:15

விற்பவரிடம் பேசினேன், நவம்பர் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். கட்டாமல் எழுதிப் பார்க்கிறேன். கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பேரேடு | செப்டம்பர் 4, காலை 7:30

எழுதுவதற்கு முன் நான்கு நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க். வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் இலவசம். கடன் கொடுப்பவர் நான்குக்கும் தகவல் அனுப்புகிறார், ஆகவே தப்பும் நான்கிலும் இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இருக்காது. சிபிலில் மட்டும் திருத்தி முடித்தபின், வேறு ரிப்போர்ட்டைப் பார்க்கும் பேங்கில் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மேலே ஓர் எண் இருக்கும், சிபிலில் அதன் பெயர் Control Number. அதைக் குறித்து வையுங்கள். அந்த எண் இல்லாமல் எழுதினால் எந்த ரிப்போர்ட் என்று கேட்டே நாள் போகும்.

கம்பெனிக்கான கடிதம், குறைதீர் அதிகாரி பெயருக்கு, அவர்கள் தளத்தில் கொடுத்துள்ள மின்னஞ்சலுக்கு. அச்சடித்து ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒன்று. ஆங்கிலத்தில் அனுப்பினால் தலைமை அலுவலகத்தில் கை மாறாமல் வேலை நடக்கும். பொருள் இதுதான்:

> பொருள்: கடன் கணக்கு எண் ____. 05.06.2024-ல் ஏற்றப்பட்ட ரூ. 590 கட்டணத்தை அதே தேதியிட்டு நீக்கவும், நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் திருத்தம் அனுப்பவும் கோரி.
>
> மேற்படி கடனை 03.06.2024 அன்று தங்கள் ஃபோர்க்ளோஷர் கணக்குப்படி முழுவதும் செலுத்தினேன் (யுடிஆர் எண் ____). தங்கள் 12.06.2024 கடிதம் பாக்கி ஏதும் இல்லை என்கிறது. கடன் தீர்ந்தபின் 05.06.2024-ல் தவணை கோரப்பட்டுத் திரும்பியது. அன்று செலுத்த வேண்டிய தவணை ஏதும் இல்லை. ஆகவே அதற்கான கட்டணமும், அதிலிருந்து கணக்கிட்ட தாமத நாட்களும், ரைட்-ஆஃப் பதிவும் தவறானவை.
>
> கோருவது: கட்டணத்தை 05.06.2024 தேதியிட்டு நீக்குதல். கணக்கை 03.06.2024-ல் முடிந்ததாகப் பதிதல். நீக்கத்துக்குப் பிந்தைய கணக்கறிக்கையை எனக்கு அனுப்புதல். பின்வரும் திருத்தங்களை நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புதல்.

இதற்குக் கீழே, ரிப்போர்ட்டில் கட்டத்தின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதி, இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன என்று போடுங்கள்.

```
Date Closed        : காலி          -> 03-06-2024
Current Balance    : 590           -> 0
Amount Overdue     : 590           -> 0
Written-off Status : Written-off   -> காலி
DPD 06-24          : 025           -> 000
DPD 07-24 முதல்    : 056 ... 268   -> நீக்கம்
```

கடைசி இரண்டு வரிகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நிலையை மட்டும் Closed ஆக்கி, கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு "திருத்தியாயிற்று" என்று பதில் வரும். ஜூன் 3-ல் முடிந்த கணக்குக்கு ஜூலையில் கட்டமே இருக்கக் கூடாது.

இணைப்பு: ஃபோர்க்ளோஷர் கணக்கு, என்ஓசி, யுடிஆர் தெரியும் பேங்க் பக்கம், ஜூன் 5 திரும்பிய வரி தெரியும் பக்கம், ரிப்போர்ட்டில் அந்த லோன் வரும் பக்கம். வேறெதுவும் வேண்டாம். இருபது பக்கம் அனுப்பினால் தேவையான ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

பேரேடு | செப்டம்பர் 4, காலை 7:52

விட்டுப்போனது. அதே நாளில் நான்கு நிறுவனங்களிலும் டிஸ்ப்யூட் போடுங்கள். ஆன்லைன் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். Current Balance-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால் அதற்கு மட்டும்தான் பதில் வரும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் டிஸ்ப்யூட் எண்ணைக் கம்பெனிக் கடிதத்தின் தலைப்பில் சேருங்கள். அப்போதுதான் சிபில் கேட்கும் கேள்வியும் உங்கள் கடிதமும் ஒரே மேசையில் சேரும்.

பேங்க் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். இழப்பீடு வந்தால் அதில்தான் போடுவார்கள்.

சைக்கிள்காரன் | செப்டம்பர் 4, மாலை 6:40

ஒன்று கேட்க வேண்டும். கட்டணத்துக்கு எல்லாம் தாமத நாள் எண்ணுவதே சட்டப்படி தப்பு இல்லையா? அசலோ வட்டியோ நின்றால்தானே டிபிடி. அந்த வாதத்தை முதலில் வைக்கலாமே.

பேரேடு | செப்டம்பர் 4, இரவு 9:30

வைக்க வேண்டாம் என்பேன். கடன் வசதியின் கீழ் செலுத்த வேண்டிய எந்தத் தொகையும் குறித்த நாளில் வராவிட்டால் அது தாமதம்தான் என்று அவர்கள் ரிசர்வ் வங்கியின் விளக்கத்தையே திருப்பிக் காட்டுவார்கள். பவுன்ஸ் கட்டணம் அதில் அடங்குமா என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. நமக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. கட்டணம் இருந்தால்தானே அதற்கு நாள் எண்ணுவது சரியா தப்பா என்ற கேள்வி? தேதிகளே கட்டணத்தை ஒழித்துவிடுகின்றன.

சைக்கிள்காரன் | செப்டம்பர் 5, காலை 8:10

பவுன்ஸ் உண்மையிலேயே கடனாளியின் தப்பாக இருந்தால்? 590-க்காக ஒருவரை ரைட்-ஆஃப் பட்டியலில் தள்ளுவது நியாயமா? அங்கே இந்த வாதம் வேண்டுமே.

பேரேடு | செப்டம்பர் 5, காலை 8:45

அங்கே வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த வழக்கில் பாக்கி இருப்பதை அறிவித்தார்களா, என்ஓசி கொடுத்தபின் எப்படிக் கேட்கிறார்கள் என்று தொடங்கலாம். எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு.

தேன்கூடு | செப்டம்பர் 5, இரவு 7:20

நான்கு டிஸ்ப்யூட்டும் போட்டாயிற்று, கடிதமும் போய்விட்டது. எல்லாம் இன்றைய தேதி. எக்ஸ்பீரியனில் தொகை 590 என்றும், க்ரிஃப்பில் 708 என்றும் இருந்தது. பேரேடு சார் சொன்ன மாதிரி ஒன்றுபோல் இல்லை.

பேரேடு | செப்டம்பர் 5, இரவு 8:00

708 என்றால் 600-ம் ஜிஎஸ்டி 108-ம். நடுவில் இன்னொரு கட்டணம் 100 ஏற்றி, ஓரிடத்துக்கு மட்டும் அது போயிருக்கலாம். கம்பெனிக்கு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: "590 மட்டுமல்ல, 05.06.2024-க்குப் பின் ஏற்றிய எல்லாக் கட்டணமும்." இல்லாவிட்டால் 590-ஐ மட்டும் நீக்கி 118-ஐ விட்டுவைப்பார்கள், கணக்கு மறுபடியும் மூடாது.

நாள் கணக்கு: இன்று செப்டம்பர் 5. கம்பெனி 21 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 26-க்குள் திருத்தத்தை அனுப்ப வேண்டும். மொத்தம் 30 நாள், அக்டோபர் 5. விடுமுறையும் சேர்த்து நாட்காட்டி நாட்கள். 26-க்குள் அனுப்பத் தவறினால் இழப்பீடு கம்பெனி மேல். அவர்கள் அனுப்பியும் ரிப்போர்ட் மாறவில்லை என்றால் கடன் தகவல் நிறுவனம் மேல்.

வடக்குவீதி | செப்டம்பர் 7, காலை 10:30

ஐந்தாயிரம் கொடுத்தால் 15 நாளில் சிபில் சுத்தம் செய்து தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. மேடத்துக்கு வேண்டுமானால் விவரம் தருகிறேன்.

கிளைமேசை | செப்டம்பர் 7, காலை 11:15

வேண்டாம் சார், நீங்களும் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வது உங்கள் லாகினை வாங்கி இதே டிஸ்ப்யூட்டைப் போடுவதுதான். Settled என்பதை எந்த ஏஜென்சியாலும் எடுக்க முடியாது. பான், ஆதார், ஓடிபி எல்லாம் அந்நியர் கையில் போவதுதான் மிச்சம்.

தேன்கூடு | செப்டம்பர் 22, மாலை 5:05

சிபிலிலிருந்து பதில். தரவு சரியானது என்று கடன் கொடுத்தவர் உறுதி செய்துவிட்டார், மாற்றம் இல்லை என்கிறார்கள். கம்பெனிக் கடிதத்துக்குத் தானியங்கி ஒப்புகை மட்டும்தான்.

பேரேடு | செப்டம்பர் 22, இரவு 9:00

எதிர்பார்த்ததுதான். டிஸ்ப்யூட்டுக்குப் பதில் போடும் ஆளும் குறைதீர் அதிகாரியும் வேறு. இப்போது குறைதீர் அதிகாரிக்கு மேல் உள்ள முதன்மை நோடல் அதிகாரிக்கு அதே கடிதத்தை அனுப்பி, மேலே இரண்டே வரி: "உங்கள் பிரிவு தரவு சரி என்று உறுதி செய்திருக்கிறது. 03.06.2024-ல் முழுத் தொகை பெற்ற பிறகு 05.06.2024-ல் எந்தத் தவணை செலுத்த வேண்டியிருந்தது என்பதைக் கணக்கறிக்கையுடன் தெரிவிக்கவும்." நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. இந்தக் கேள்விக்குக் காரணம் எழுத முடியாது.

ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனுக்கு இப்போதே ஓடாதீர்கள். கம்பெனியின் பதில் வரவில்லை, 30 நாளும் ஆகவில்லை. இப்போது cms.rbi.org.in-ல் போட்டால் முதிராத புகார் என்று மூடிவிடுவார்கள். அக்டோபர் 6-லிருந்து போடலாம். வக்கீல் மூலம் போடாதீர்கள், அதையும் ஏற்க மாட்டார்கள். நீங்களே போடலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் இதே விஷயத்துக்கு ஏற்கெனவே வழக்கு இருந்தால் அதுவும் தடை.

தேன்கூடு | அக்டோபர் 17, மதியம் 2:40

நோடல் அதிகாரி அலுவலகத்திலிருந்து இன்று மின்னஞ்சல். "கட்டணம் நீக்கப்பட்டது, கடன் தகவல் நிறுவனங்களுக்குத் திருத்தம் அனுப்பப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." சிபிலில் இப்போதே Closed, பாக்கி 0. இழப்பீடு எவ்வளவு வரும்?

சைக்கிள்காரன் | அக்டோபர் 17, மதியம் 3:05

செப்டம்பர் 5-லிருந்து இன்று வரை 42 நாள். 4,200.

பேரேடு | அக்டோபர் 17, மாலை 6:30

முதல் 30 நாள் அவர்களுக்கான அவகாசம், அதற்கு இழப்பீடு இல்லை. அக்டோபர் 6 முதல் 17 வரை 12 நாள், 1,200 ரூபாய். தீர்ந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் கணக்கில் விழ வேண்டும். விழாவிட்டால் அதற்கே தனியாக ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

ஆனால் மேடம், இன்னும் நிம்மதியாக இருக்க வேண்டாம். கணக்கறிக்கை வந்ததா? மின்னஞ்சலில் இணைப்பு இருக்கிறதா?

தேன்கூடு | அக்டோபர் 17, இரவு 7:10

இல்லை. வெறும் மின்னஞ்சல்.

பேரேடு | அக்டோபர் 17, இரவு 7:45

கேட்டு வாங்குங்கள். ஏன் என்றால், கடன் தகவல் நிறுவனத்துக்கு ஒரு திருத்தக் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு, கடன் கணக்கில் 590-ஐ அப்படியே விட்டுவிடும் இடங்கள் உண்டு. மாதம் இரண்டு முறை, 15-ம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும் கணினியிலிருந்து தானாகப் போகும். அடுத்த கோப்பில் பழைய 590 மறுபடியும் ஏறி, திருத்தியதை அழித்துவிடும். கணக்கறிக்கையில் 05.06.2024 தேதியில் 590 பற்று, அதே தேதிக்கு 590 வரவு என்று இரண்டு வரிகள் இருந்து, கடைசி நிலுவை பூஜ்யம் என்றால் மூலத்திலேயே திருத்தியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது வரி இல்லை என்றால் மேல்பூச்சுதான்.

தேன்கூடு | நவம்பர் 12, காலை 9:30

பேரேடு சார் பயந்தது நடந்துவிட்டது. சிபிலில் மறுபடியும் 590, Written-off. Date Reported 31-10-2025 என்று இருக்கிறது. கணக்கறிக்கை நேற்றுதான் வந்தது, அதில் வரவு வரியே இல்லை. 1,200 மட்டும் அக்டோபர் 24-ல் கணக்கில் வந்துவிட்டது.

கிளைமேசை | நவம்பர் 12, காலை 10:20

பேங்கிடம் அக்டோபர் 17 மின்னஞ்சலையும் அன்றைய ரிப்போர்ட்டையும் கொடுத்து வையுங்கள். கட்டணம் நீக்கப்பட்டது என்று கம்பெனியே எழுதியது பெரிய விஷயம். சிலர் அதை வைத்தே கோப்பை நகர்த்துவார்கள்.

பேரேடு | நவம்பர் 12, மதியம் 12:00

இன்றே நோடல் அதிகாரிக்கு: "17.10.2025-ல் நீக்கியதாக எழுதினீர்கள். உங்கள் கணக்கறிக்கையில் நீக்கம் இல்லை. 31.10.2025 நிலவரமாக மறுபடியும் தவறான தகவலை அனுப்பியிருக்கிறீர்கள்." மூன்று வரி போதும், கணக்கறிக்கையும் இரண்டு தேதி ரிப்போர்ட்டும் இணைப்பு. கூடவே ஓம்புட்ஸ்மனுக்கும் போடுங்கள், செப்டம்பர் 5 கடிதத்தை அடிப்படையாக வைத்து. அதற்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

சைக்கிள்காரன் | நவம்பர் 12, மதியம் 12:35

திரும்பி வந்தது பழைய புகாரின் தொடர்ச்சியா, புதுப் புகாரா? தொடர்ச்சி என்றால் அக்டோபர் 18-லிருந்து இன்று வரை நாளுக்கு 100 ஓடிக்கொண்டிருக்கிறது. புதுசு என்றால் இன்னொரு 30 நாள் அவகாசம் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

பேரேடு | நவம்பர் 12, மதியம் 1:10

நல்ல கேள்வி. தொடர்ச்சி என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து, முதல் புகார் தீரவே இல்லை என்பதற்குக் கணக்கறிக்கை சாட்சி. கம்பெனி புதுப் புகார் என்றுதான் பதிவு செய்யப் பார்க்கும். அதனால் கடிதத் தலைப்பில் பழைய புகார் எண்ணையே போடுங்கள் மேடம், புது எண் கொடுத்தாலும் இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

தேன்கூடு | நவம்பர் 21, இரவு 8:50

கணக்கறிக்கை மறுபடி வந்தது. 05.06.2024-ல் 590 வரவு, கீழே 118 வரவு, நிலுவை 0. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ் மூன்றிலும் Date Closed 03-06-2024, ஜூலை முதல் கட்டங்களே இல்லை. க்ரிஃப்பில் பாக்கி 0, ஆனால் 2024 ஆகஸ்டில் மட்டும் 087 இன்னும் நிற்கிறது. பழைய புகார் எண்ணோடு அதற்கு எழுதிவிட்டேன். நவம்பர் 30 நிலவரக் கோப்பு போனபின், டிசம்பர் நடுவில் நான்கையும் மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். வீட்டுக்கடன் கோப்பு நேற்று மேலே போயிருக்கிறது.